கோர்ஸுக்கு காசு கேட்கிறதுக்கு முன்னாடி டிக்கெட்டை எண்ணுங்க

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

செம்பாக்கத்துல மொட்டை மாடி ரூம்ல இருந்து பேசறேன். வேளச்சேரி மெயின் ரோட்டு ஹாரன் சத்தம் நடுவுல வந்தா கண்டுக்காதீங்க.

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். "அண்ணா, ஒரு சர்ட்டிஃபிகேஷனுக்கு மேனேஜர்கிட்ட அப்ரூவல் கேட்டேன். 'யூட்யூப்ல ஃப்ரீயா இருக்கே'ன்னு சொல்லிட்டார். எப்படி திரும்பக் கேட்கிறது?"ன்னு. எனக்கும் அதே பதில் ஒரு தடவை வந்திருக்கு. அதனால என் கதையவே எடுத்துக்கறேன்.

அப்போ எங்க டீம்ல ஆறு பேர். எங்க அப்ளிகேஷன் குபெர்நெட்டிஸ்ல ஓடுது. அந்த கிளஸ்டரைப் பார்த்துக்கிற பிளாட்ஃபார்ம் டீம் வேற நாட்டுல இருக்கு. நமக்குக் காலை பத்து மணிக்கு டிப்ளாய்மென்ட் நின்னா, அவங்க எழுந்து பதில் போட சாயங்காலம் ஆயிடும். சரி, நாமளே கத்துக்கலாம்னு சி.கே.ஏ. பரீட்சைக்கு பட்ஜெட் கேட்டு மெயில் போட்டேன். "இது இன்டஸ்ட்ரில ரொம்ப டிமாண்ட், என் ஸ்கில் வளரும், டீமுக்கும் உதவும்" அப்படின்னு. ரெண்டே வரில ரிஜெக்ட்.

இப்ப யோசிச்சா அவர் செஞ்சது சரிதான். என் மெயில்ல பலன் எல்லாம் எனக்கு, செலவு மட்டும் அவருக்கு. "டீமுக்கும் உதவும்"னு எழுதினேனே தவிர, எதுல, எத்தனை மணி நேரம்னு எதுவும் சொல்லல.

முதல் வேலை: டிக்கெட்டைப் பிரிக்கிறது

அதுக்கப்புறம் முந்தின மூணு மாசத்துல பிளாட்ஃபார்ம் டீமுக்கு நாங்க போட்ட டிக்கெட் எல்லாத்தையும் எடுத்தேன். மொத்தம் 11. ஒவ்வொண்ணையும் திறந்து, கடைசில என்ன பண்ணி சரியாச்சுன்னு படிச்சேன். ஒரு மதியம் முழுக்க ஆச்சு. மூணு குவியலா பிரிஞ்சுது.

முதல் குவியல், எங்களுக்குத் தெரியாததால போட்டது. பாட் `CrashLoopBackOff`ல சுத்திட்டே இருக்கும். காரணம் பார்த்தா கான்ஃபிக்ல ஒரு பேர் தப்பு. இல்லன்னா `OOMKilled`, அதாவது மெமரி லிமிட்டை நாங்களே கம்மியா வச்சிருப்போம். இப்படி 6 டிக்கெட்.

ரெண்டாவது, தெரிஞ்சிருந்தும் பர்மிஷன் இல்லாததால போட்டது. இது 2.

மூணாவது, நெட்வொர்க், நோட் மாதிரி அவங்க மட்டுமே தொடக்கூடிய விஷயம். இது 3.

இங்கதான் எனக்கே ஒரு அதிர்ச்சி. மூணாவது குவியலுக்கு எந்தக் கோர்ஸும் உதவாது. ரெண்டாவதுக்கும் உதவாது, அதுக்கு வேண்டியது ஒரு ஆக்சஸ் ரிக்வெஸ்ட்தான். உங்களுக்குப் பர்மிஷன் இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு வரி போதும்:

```
kubectl auth can-i get pods --subresource=log -n billing
```

`billing` இருக்கிற இடத்துல உங்க நேம்ஸ்பேஸ் பேரைப் போடுங்க. `yes` இல்லன்னா `no`ன்னு வரும். `no`ன்னு வந்தா, கோர்ஸ் முடிச்சு சர்ட்டிஃபிகேட்டோட வந்தாலும் லாகைப் பார்க்க முடியாது. காசு வீண். அதனால பட்ஜெட் மெயிலுக்கு முன்னாடி ஆக்சஸ் மெயில் போகணும். நானும் அப்படித்தான் அனுப்பினேன். அந்த ரெண்டு டிக்கெட்டோட விஷயம் செலவில்லாம முடிஞ்சுது.

கேட்கிற கோர்ஸே மாறிப் போச்சு

மிச்சம் 6 டிக்கெட். அதைப் பாடத்திட்டத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் முதல்ல கேட்டது சி.கே.ஏ., கிளஸ்டரை நிர்வகிக்கிறவங்களுக்கானது. கிளஸ்டரை நிறுவறது, அப்கிரேட் பண்றது எல்லாம் அதுல வரும். அது எங்க வேலையே இல்ல. அதே லினக்ஸ் ஃபவுண்டேஷன், சி.என்.சி.எஃப் நடத்துற சி.கே.ஏ.டி.ன்னு இன்னொண்ணு இருக்கு, அப்ளிகேஷன் டெவலப்பர்களுக்கு. அதுல கான்ஃபிக், செக்யூரிட்டி சம்பந்தப்பட்ட பகுதிக்கு 25 சதவீதம், லாக், ஹெல்த் செக், டீபக் பண்றதுக்கு 15 சதவீதம். எங்க ஆறு டிக்கெட்டும் இந்த ரெண்டுக்குள்ளயே வந்துடுச்சு.

பேர் பெருசா இருக்குங்கிறதுக்காக நான் தப்பான பரீட்சையைக் கேட்டிருந்தேன். அப்ரூவ் ஆகியிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். ஆறு மாசம் கழிச்சு "டிக்கெட் ஏன் குறையல?"ன்னு கேட்டா என்கிட்ட பதில் இருந்திருக்காது.

கணக்கு

சி.கே.ஏ.டி. பரீட்சைக் கட்டணம் 445 டாலர். ரெண்டு மணி நேரம், ஸ்கிரீன்ல நிஜமாவே கமாண்ட் அடிச்சுப் பண்ணணும். 66 சதவீதம் எடுத்தா பாஸ். ஃபெயில் ஆனா ஒரு தடவை இலவசமா திரும்ப எழுதலாம். சர்ட்டிஃபிகேட் ரெண்டு வருஷம் செல்லும். டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கிட்டா 40,050 ரூபாய்.

இதோட நிறுத்தினா அரை கணக்கு. படிக்கிற நேரமும் செலவுதான். ஆபீஸ் நேரத்துல 20 மணி நேரம் கேட்டேன், மீதி வீட்டுல. 12 லட்சம் சி.டி.சி., வருஷத்துக்குச் சுமார் 2,000 மணி நேரம்னா, ஒரு மணி நேரம் 600 ரூபாய். அப்போ 20 மணி நேரம் 12,000. மொத்தம் சுமார் 52,000. இந்த நேரச் செலவை நீங்களே எழுதிட்டா மேனேஜருக்கு உங்க கணக்கு மேல நம்பிக்கை வரும். ஏன்னா அவர் மனசுல அதுதான் முதல்ல ஓடும்.

இப்ப பலன். அந்த 6 டிக்கெட்டும் திறந்திருந்த மொத்த நேரத்தைப் போட்டா எண்ணிக்கை பிரமாதமா இருக்கும். ஆனா அது பொய். டிக்கெட் திறந்திருந்தப்போ நாங்க வேற வேலை பார்த்தோம், வீட்டுக்குப் போய் தூங்கினோம். நிஜமா கை கட்டி நின்ன நேரத்தை மட்டும் எடுத்தேன். எல்லாரோடதும் சேர்த்து 36 மணி நேரம், அதாவது 21,600 ரூபாய், மூணு மாசத்துக்கு.

ஆறும் தவிர்க்கப்பட்டா சுமார் ஏழு மாசத்துல செலவு ஈடாகும். பாதிதான் தவிர்க்க முடிஞ்சுதுன்னா, மூணு மாசத்துக்கு 10,800, சுமார் பதினாலு, பதினஞ்சு மாசம். ரெண்டு எண்ணையும் மெயில்ல போட்டேன், பாதிக் கணக்கை முதல்ல.

ஒரு எச்சரிக்கை. இந்த 21,600 ரூபாய் யார் பாக்கெட்டுக்கும் வராது. நம்ம சம்பளம் எப்படியும் போகுது. ஃபைனான்ஸ்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அதனால ரூபாய் கணக்கை ஒரு அளவுகோலா மட்டும் வச்சுக்கிட்டு, அதுக்குக் கீழ அவருக்கு நிஜமா வலிக்கிற விஷயத்தை எழுதினேன்: "இந்த ஆறுல ரெண்டு, ரிலீஸ் நாளை ஒரு நாள் தள்ளி வச்சது." மேனேஜர் அவரோட மேனேஜர்கிட்ட பதில் சொல்ல வேண்டியது அந்த ரெண்டுக்குத்தான்.

"ஃப்ரீயா இருக்கே?"

இந்தக் கேள்வி நியாயமானது. குபெர்நெட்டிஸ் டாக்குமென்டேஷன் முழுக்க இலவசம், பரீட்சையிலேயே அதைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. படிக்கிறதுக்குக் காசு தேவையில்லன்னு முதல்லயே ஒத்துக்கங்க. பரீட்சைக்கான காரணம் ரெண்டு: தேதி குறிச்சிருந்தாதான் ஸ்பிரின்ட் வேலை படிப்பை முழுங்காது, அதோட கத்துக்கிட்டோமான்னு வெளியில இருந்து ஒருத்தர் சோதிச்சிருப்பாங்க. இது போதலன்னு அவர் நினைச்சா, "20 மணி நேரம் மட்டும் கொடுங்க, பரீட்சையை அப்புறம் பார்க்கலாம்"னு சின்னக் கோரிக்கையா மாத்திக்கலாம். உண்மைல விலை ஜாஸ்தியான பொருள் அந்த நேரம்தான்.

விலையைக் குறைக்கவும் வழி இருக்கு. நவம்பர் கடைசில, சைபர் மண்டே சமயத்துல லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழக்கமா நல்ல தள்ளுபடி விடும். வாங்கின நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள எழுதினா போதும்.

இன்னொண்ணு, அவசரப்பட்டு சொந்தக் கார்டுல வாங்கிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணாதீங்க. முன் அனுமதி இல்லன்னு நிறைய இடத்துல திருப்பிடுவாங்க. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை வரிக் கடனா கம்பெனி எடுத்துக்கணும்னா இன்வாய்ஸ் கம்பெனி பேர்ல இருக்கணும். உங்க பேர்ல இருந்தா அது முடியாது.

"முடிச்சுட்டு நீ போயிட்டா?"

வாய்விட்டுக் கேட்காட்டியும் மனசுல இருக்கும். சிலர் இதுக்கு பாண்ட் கேட்பாங்க. "கோர்ட்ல நிக்காது"ன்னு அசட்டையா கையெழுத்து போடாதீங்க. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்குள்ள விலகினா 2 லட்சம் ரூபாய் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கிற செலவு பத்தின வழக்கு. எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும்னு இல்ல. ஆனா காகிதத்துல இருக்கிறதைப் படிச்சுட்டுத்தான் போடணும். கேட்டா, செலவான தொகைக்கு மட்டும், மாசா மாசம் குறையற மாதிரி கேளுங்க. 40,000 ரூபாய் பரீட்சைக்கு 2 லட்சம்னு இருந்தா, கோர்ஸை விட்டுடறது மேல்.

கடைசியா போன மெயில்

"கடந்த மூணு மாசத்துல பிளாட்ஃபார்ம் டீமுக்கு 11 டிக்கெட் போட்டோம். 3 அவங்க வேலை. 2 ஆக்சஸ் பிரச்சினை, தீர்ந்தது. 6 நமக்குத் தெரியாததால வந்தது. 36 மணி நேரம் நின்னோம், ரெண்டு ரிலீஸ் தள்ளிப்போச்சு. சி.கே.ஏ.டி. பரீட்சைக்கு 40,050 ரூபாய், வரி தனி, ஆபீஸ் நேரம் 20 மணி. பாதி டிக்கெட் குறைஞ்சாலே பதினஞ்சு மாசத்துல ஈடாகும். முடிச்சதும் இந்த ஆறு பிழைக்கும் ஒரு ரன்புக் எழுதி, டீமுக்கு ரெண்டு செஷன் எடுப்பேன். அடுத்த மூணு மாசம் இதே மாதிரி டிக்கெட்டை எண்ணிக் காட்டுவேன். இந்தத் தேதிக்குள்ள சொன்னா தள்ளுபடில வாங்கலாம்."

இவ்வளவுதான். ரன்புக்கைச் சும்மா ஒப்புக்குச் சேர்க்கல. ஒருத்தர் படிச்சு ஆறு பேருக்குப் பலன்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் ஆதாரம். அது இல்லாட்டி, நான் லீவு போட்ட அன்னிக்குப் பாட் விழுந்தா பழையபடி சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும்.

அப்ரூவ் ஆச்சு. அடுத்த மூணு மாசத்துல அதே ரக டிக்கெட் 2 வந்துது. பூஜ்யம் ஆகல, ஆனா பாதிக்கும் கீழ. அதையும் அப்படியே அனுப்பினேன். அடுத்த தடவை இன்னொருத்தருக்குக் கேட்டப்போ மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார்: "டிக்கெட் எண்ணிட்டீங்களா?"

தம்பி, உங்க டிக்கெட்டை இந்த வாரம் எண்ணுங்க. மூணாவது குவியல்தான் பெருசுன்னு வந்தா, கோர்ஸ் கேட்காதீங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.