கம்யூட்டேஷன் வாங்கலாமா, வேண்டாமா?

ரயில்வே, தபால், சுங்கம் என்று மத்திய அரசுத் துறைகளில் 2004-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது ஒவ்வொருவராக ஓய்வுபெற்று வருகிறார்கள். பென்ஷன் காகிதங்களோடு அவர்கள் கையெழுத்திட வேண்டிய ஒரு விண்ணப்பம் கம்யூட்டேஷனுக்கானது. மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரே தவணையில் பணம் வாங்கிக்கொள்ளலாம். அதிகபட்சம் 40 சதவீதம். தமிழக அரசில் மூன்றில் ஒரு பங்கு. "வருகிற பணத்தை விடுவானேன்" என்று யோசிக்காமல் முழுதாக எழுதிக்கொடுப்பவர்களே அதிகம். எழுதிக்கொடுப்பதற்கு முன் அரைமணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய விஷயம் இது.

ஒருவருடைய அடிப்படைப் பென்ஷன் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 வயதில் ஓய்வு. அவர் 40 சதவீதத்தை, அதாவது மாதம் 16,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். அடுத்த பிறந்தநாளில் 61 ஆகிறவருக்கு அரசின் அட்டவணையில் உள்ள காரணி 8.194. ஒரு வருடத்துக்கு விட்டுக்கொடுக்கும் தொகையான 1,92,000-ஐ இதனால் பெருக்கினால் 15,73,248 ரூபாய். அவ்வளவும் வருமான வரி இல்லாமல் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அன்றிலிருந்து மாதாமாதம் அடிப்படைப் பென்ஷனில் 16,000 பிடித்துக்கொண்டு 24,000 தருவார்கள். ஆனால் அகவிலைப்படி பழைய 40,000-க்கே கணக்கிடப்படும். இது பலருக்குத் தெரியாது. தெரியாததால் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 15 வருடம் முடிந்ததும் பிடித்தம் நின்று முழுப் பென்ஷன் திரும்ப வந்துவிடும்.

ஆக, 15.73 லட்சம் வாங்கி 15 வருடத்தில் 28.8 லட்சம் கட்டுகிறோம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "இரு மடங்கு பிடுங்குகிறார்கள்" என்று கொதிப்பவர்கள் உண்டு. "8 வருடம் 2 மாதத்தில் அசல் தீர்ந்துபோகிறது, மீதி எல்லாம் அரசுக்கு லாபம்" என்பதும் அடிக்கடி காதில் விழும். இரண்டிலும் ஒரே பிழைதான். கையில் இன்று இருக்கும் ரூபாயையும் 15 வருடம் கழித்துப் போகப்போகிற ரூபாயையும் சமமாக வைத்து எண்ணுகிறார்கள். இன்று 5,600 ரூபாயை 7 சதவீத வட்டியில் போட்டுவைத்தால், 15-ஆவது வருடக் கடைசியில் அது ஏறக்குறைய 16,000 ஆகியிருக்கும். அப்படியென்றால் கடைசி மாதம் பிடிக்கப்படும் 16,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 5,600 ரூபாய்தான். இப்படி 180 மாதப் பிடித்தங்களையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால், 7 சதவீதத்தில் சுமார் 17.8 லட்சம் வருகிறது. வாங்கியது 15.73 லட்சம். உண்மையான இழப்பு 2 லட்சத்துக்குச் சற்று மேல். 8 சதவீதத்தில் கணக்கிட்டால் அது 1 லட்சமாகக் குறைகிறது. 9 சதவீதத்தை ஒட்டி வரும்போது இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது.

இந்த 9 சதவீதத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்யூட்டேஷன் என்பது 15 வருடத் தவணையில், சுமார் 9 சதவீத வட்டிக்கு, நம் பென்ஷன் மேலேயே வாங்கும் கடன். கையில் 12, 14 சதவீதத்தில் தனிநபர் கடன் இருக்கிறதென்றால், கம்யூட்டேஷன் பணத்தில் அதை அடைத்துவிடுவது தெளிவான லாபம். கடன் ஏதும் இல்லை, வாங்கி வங்கியில் வைப்புநிதியாகப் போடப்போகிறோம், 7 சதவீதம்தான் கிடைக்கும் என்றால், அங்கிருந்து மாதம் 16,000 எடுத்துவந்தால் 12 வருடம் 2 மாதத்தில் தொகை தீர்ந்துபோகும். பிடித்தம் மட்டும் இன்னும் ஏறக்குறைய மூன்று வருடம் ஓடும். 8 சதவீதம் கிடைத்தாலும் 13 வருடம் 4 மாதம்தான் தாங்கும்.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் அவர் 75 வயதைத் தாண்டி இருப்பார் என்ற நம்பிக்கையில் போட்டது. ஆயுள் உள்ளே வந்தால் படம் மாறுகிறது. பென்ஷன்தாரர் ஐந்து வருடத்தில் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். அதுவரை பிடித்தது 9.6 லட்சம். மிச்சத்தை யாரும் கேட்பதில்லை. மனைவிக்கு வரும் குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தை வைத்துத் தனியாக நிர்ணயிக்கப்படுவது. அதில் கம்யூட்டேஷனுக்காக ஒரு பைசா பிடிக்கப்படாது. நம் உதாரணத்தில் கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000. கணவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள் வரை மனைவிக்கு அதில் பாதி, அதாவது முழு 40,000. பிறகு 30 சதவீதம், 24,000. கம்யூட் செய்யாமல் இருந்திருந்தாலும் இதே தொகைதான். அப்படிப் பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு கம்யூட்டேஷன் பணம் பெரும் உதவி. ஆள் போனதும் கடனும் போய்விடுகிற ஏற்பாடு என்பதால், அந்த 9 சதவீதத்துக்குள் ஓர் ஆயுள் காப்பீட்டின் விலையும் அடங்கியிருக்கிறது. வெளியே வாங்கும் சாதாரணக் கடனோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாததற்கு இதுதான் காரணம். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்து, மனைவி ஆரோக்கியமாக இருக்கிற வீட்டில் நான் தயங்காமல் "முழு 40 சதவீதமும் எழுதிக்கொடுங்கள்" என்பேன். ஓய்வுபெற்ற ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது.

நீண்ட ஆயுள் உள்ளவருக்கு? 75-க்கு மேல் எத்தனை வருடம் இருந்தாலும் இழப்பு கூடாது, ஏனென்றால் பிடித்தம் 15 வருடத்தில் நின்றுவிடும். ஆனால் இது தானாகக் கிடைத்த சலுகை இல்லை. ஒரு காலத்தில் கம்யூட் செய்த பகுதி ஆயுள் முழுக்கப் போனது போனதுதான். 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 1986-இல் உச்ச நீதிமன்றம் 15 வருடத்துக்குப் பின் அதைத் திருப்பித் தரவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைய எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 90 வயது வரை இருக்கும் ஒருவர் விட்டுக்கொடுத்த பென்ஷனின் இன்றைய மதிப்பு, அதே 7 சதவீதத்தில், 24 லட்சம். கையில் வாங்கியதோ 15.73 லட்சம். திரும்பக் கிடைக்காத வகையில் மொத்தத் தொகை தருகிற எந்த நிறுவனப் பென்ஷனிலும் இந்த ஆபத்து இன்றும் முழுதாக இருக்கிறது. அங்கே உடல்திடம் உள்ளவர், பெற்றோர் 85, 90 வரை வாழ்ந்த குடும்பத்தவர், மாதப் பென்ஷனை விடவே கூடாது. 15 வருடத்தையே 12 ஆக்க வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர் தரப்பு கேட்டுவருவதில் நியாயம் இருக்கிறது. மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி.

வரியும் ஒரு தட்டில் உட்காரும். பெரிய பென்ஷன் வாங்கி 20 சதவீத வரி கட்டுபவருக்கு, பிடிக்கப்படும் 16,000-க்கு வரி மிச்சம் என்பதால் அந்த 9 சதவீதம் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அவர் வாங்குவதே மேல். வரியே கட்டாதவருக்கு இந்தச் சலுகை இல்லை.

40 சதவீதம் என்பது உச்சவரம்புதான், கட்டாயம் இல்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கடனை அடைக்க 6 லட்சம் போதுமென்றால் அதற்கேற்ற பங்கை மட்டும் எழுதலாம். பணம் வாங்கிய தேதியையும் குறித்துவைக்க வேண்டும். 15 வருடம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். முடியும் மாதத்தில் வங்கி தானே பிடித்தத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் விடுவதும் நடக்கிறது. 75 வயதில் பாஸ்புக்கைப் பார்த்து, "இந்த மாதம் 16,000 கூட வந்திருக்க வேண்டுமே" என்று கேட்க வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கட்டும்.