பிடிபடாத ஓட்டுநர் பிராவோ யாஸ்டி

அயர்லாந்துப் போலீசாரின் கணினிப் பதிவுகளில் 'பிராவோ யாஸ்டி' என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதிவேகம், தவறான பார்க்கிங் என்று வழக்குகள் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் வேறு முகவரி, வேறு பிறந்த தேதி. அந்தப் பெயரில் பதிவானவர்கள் ஐம்பது பேருக்கு மேல். 2007-ல் ஒரு போலீஸ் அதிகாரி துருவிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. போலிஷ் மொழியில் 'பிராவோ யாஸ்டி' என்றால் 'ஓட்டுநர் உரிமம்'. அட்டையின் தலைப்பைப் போலீசார் ஆளின் பெயராக எழுதி வந்திருக்கிறார்கள். 2009-ல் இது செய்தித்தாள்களில் வெளியாகி ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது.

அந்த அட்டையைப் படிக்கப் போலிஷ் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் உரிம அட்டைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இளஞ்சிவப்பு நிறம், வங்கி அட்டையின் அளவு. முன்பக்கத்தின் இடது மேல் மூலையில் ஒரு சிறிய நீலக் கட்டம் இருக்கும். அதில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள் வட்டமாக நிற்க, நடுவே வெள்ளை எழுத்தில் நாட்டின் அடையாளக் குறி இருக்கும். PL என்றிருந்தால் போலந்து.

விவரங்களுக்கு எண் உண்டு. 1 என்றால் குடும்பப் பெயர், 2 என்றால் ஆளின் பெயர், 3-ல் பிறந்த தேதியும் ஊரும், 4a-வில் வழங்கிய நாள், 4c-யில் வழங்கிய அலுவலகம், 5-ல் உரிம எண். எந்த நாட்டு அட்டையானாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்புக்கு எண் கிடையாது. எண் 1-ஐத் தேடிப் பார்த்திருந்தால் பிராவோ யாஸ்டி பிறந்தே இருக்கமாட்டார். போலந்து அட்டையில் இன்னொரு வழுக்கலும் உண்டு. வார்சாவில் வழங்கிய அட்டையின் 4c-யில் 'பிரெசிடென்ட்' என்று தொடங்கும் சொல்லைக் காணலாம். அது நாட்டின் ஜனாதிபதி அல்ல, அந்நகரத்தின் மேயர்.

குறியைப் படிக்கும்போது இணைய முகவரியில் வரும் நாட்டுச் சுருக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம்தான். இவை கார்களின் பின்னால் ஒட்டும் பன்னாட்டு எழுத்துகள்; அந்தந்த நாட்டார் தம் நாட்டை அழைக்கும் பெயரிலிருந்து வந்தவை பல. D என்பது டாய்ச்லாண்ட், அதாவது ஜெர்மனி. E என்பது எஸ்பான்யா, ஸ்பெயின். E-யை எஸ்டோனியா என்று நினைத்துவிடக் கூடாது, அதற்கு EST. HR என்பது குரோவேஷியா. A என்றால் ஆஸ்திரியா; ஆஸ்திரேலியாவுக்கு AUS.

மொழியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் நல்ல உதாரணம். 'ஃப்யூரர்ஷைன்' என்ற தலைப்பு ஜெர்மனியின் அட்டையிலும் உண்டு, ஆஸ்திரியாவின் அட்டையிலும் உண்டு. ஜெர்மன் மொழி பெல்ஜியத்திலும் ஆட்சிமொழிகளில் ஒன்று. எனவே மூலையில் D-யா, A-யா, B-யா என்று பார்ப்பதே வழி. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. அதன் அட்டையில் நட்சத்திர வட்டம் இருக்காது, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என நான்கு மொழிகளிலும் தலைப்பு இருக்கும். அதன் குறி CH.

நட்சத்திரங்கள் இருக்கின்றன என்பதற்காக அந்த நாடு இன்றும் ஒன்றியத்தில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிரிட்டன் வெளியேறுவதற்கு முன் வழங்கிய அட்டைகளில் UK என்ற எழுத்து நட்சத்திரங்களுக்கு நடுவேதான் இருந்தது. 4a-வில் உள்ள தேதியைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். இந்தப் பொது வடிவம் 2013 ஜனவரி 19 முதல்தான் கட்டாயமானது. அதற்கு முன் ஐரோப்பாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை உரிமங்கள் புழக்கத்தில் இருந்தன. மடித்து வைக்கும் பழைய காகித உரிமங்களில் சில இன்றும் செல்லும். 2033-க்குள் அவை மாற்றப்பட வேண்டும். அவற்றில் நீலக் கட்டத்தைத் தேடிப் பயனில்லை.

மூலையில் உள்ள குறி அட்டையை வழங்கிய நாட்டைச் சொல்லும். ஆளின் குடியுரிமையைச் சொல்லாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் வாழும் ஒருவரின் அட்டையில் 3-க்கு நேரே பிறந்த ஊர் இருக்கும், மூலையில் D இருக்கும். அவர் இலங்கை உரிமத்தைக் கொடுத்து இதைப் பெற்றிருந்தால், அதைச் சொல்லப் பின்பக்கத்தில் 70 என்ற குறியீடு இருக்கிறது. அதையடுத்துப் பழைய உரிம எண்ணும் நாட்டுக் குறியும் வரும். நெதர்லாந்து உரிமத்துக்கு ஒன்றிய விதி காட்டும் மாதிரி இது:

```
70.0123456789.NL
```

இலங்கை உரிமமானால் கடைசியில் CL. சிலோன் என்ற பெயர் இருந்த நாளில் கிடைத்த எழுத்துகள் அவை. நாட்டின் பெயர் மாறியும் குறி மாறவில்லை.