நூறாண்டு வெள்ளம் எதை அளக்கிறது?

2011 அக்டோபர் இரண்டாவது வாரத்தில் தாய்லாந்தின் அயுத்தயா மாகாணத்தில் ரோஜனா தொழிற்பேட்டையின் தடுப்புக் கரையை மீறி வெள்ளம் உள்ளே வந்தது. அங்கிருந்த ஹோண்டா கார் தொழிற்சாலை மூழ்கியது. மீண்டும் அங்கே உற்பத்தி தொடங்கியது 2012 மார்ச் 26 அன்றுதான். நீரில் நின்ற 1,055 கார்களை விற்க முடியாது என்று நிறுவனமே அழித்துவிட்டது. அதே அக்டோபரில் அந்த ஆற்றுச் சமவெளியில் இருந்த ஏழு பெரிய தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. சுமார் 800 தொழிற்சாலைகள் நின்றுபோயின. உலகமெங்கும் கணினிகளுக்கு ஹார்ட் டிஸ்க் கிடைக்காமல் விலை ஏறியது. அவ்வாண்டு வெள்ளத்தின் மொத்த இழப்பை 4,650 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

அந்த ஆறு சாவோ பிரயா. வடக்கு மலைகளிலிருந்து வரும் பிங், வாங், யோம், நான் என்ற நான்கு ஆறுகளின் நீரும் நக்கோன் சவான் என்ற ஊரில் ஒன்றாகி, அங்கிருந்து தட்டையான சமவெளியில் அயுத்தயாவையும் பாங்காக்கையும் கடந்து கடலுக்குப் போகிறது. நக்கோன் சவானில் ஆற்று நீரை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. 2011 வெள்ளத்தின்போது அங்கே பதிவான உச்ச ஓட்டம் நொடிக்கு 4,686 கன மீட்டர். இதே இடத்தில் 1995-இல் பதிவான உச்சம் 4,820, 2006-இல் 5,960. அதாவது, தொழிற்பேட்டைகளை மாதக்கணக்கில் மூழ்கடித்த வெள்ளத்தின் உச்சம், அதற்கு முந்தைய இரண்டு வெள்ளங்களின் உச்சத்தைவிடக் குறைவு. ஆற்றங்கரையில் ஆலை அமைக்க நினைப்பவர் எல்லாரும் இந்த முரணைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் 'நூறாண்டு வெள்ளம்' என்ற கணக்கைப் பார்க்கலாம்.

நீரியல் பொறியாளர் ஓர் ஆற்றின் பதிவை எடுத்து, ஒவ்வோர் ஆண்டிலும் வந்த மிகப்பெரிய ஓட்டத்தை மட்டும் பொறுக்குவார். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவார். பதிவில் உள்ள ஆண்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுத்தால் கிடைப்பது மீள்வருகைக் காலம். நாற்பது ஆண்டுப் பதிவு இருந்தால், முதலிடத்தில் உள்ள வெள்ளத்துக்கு 41 ஆண்டு, இரண்டாம் இடத்துக்கு இருபதரை ஆண்டு. நூறாண்டு வெள்ளம் வேண்டுமென்றால் இந்தப் புள்ளிகளின் போக்கை ஒரு வளைகோட்டில் பொருத்தி, பதிவுக்கு அப்பால் நீட்ட வேண்டும். நீட்டிய பகுதியில் யாரும் அளந்த வெள்ளம் கிடையாது. ஆகவே நல்ல அறிக்கை ஒற்றை எண்ணைத் தராது. இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று ஒரு வீச்சைத் தரும். வீச்சு இல்லாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பச் சொல்வேன்.

நூறாண்டு வெள்ளம் நூறு ஆண்டுக்கு ஒருமுறை முறை வைத்து வருவதில்லை. ஒரு குடத்தில் நூறு ஓலைகளைப் போட்டு, ஒன்றில் மட்டும் குறியிட்டு, ஆண்டுக்கு ஓர் ஓலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி குடத்திலேயே போடுவதைப் போன்றது அது. போன ஆண்டு குறியிட்ட ஓலை வந்ததால் இந்த ஆண்டு வராது என்று சொல்ல முடியாது. எந்த ஓர் ஆண்டிலும் வாய்ப்பு 1 சதவீதம். ஆலை முப்பது ஆண்டு ஓடப் போகிறது என்றால், முப்பது முறையும் குறி வராமல் தப்பும் வாய்ப்பு 0.99-ஐ முப்பது முறை பெருக்கினால் கிடைக்கும். அது 74 சதவீதம். மிச்சமுள்ள 26 சதவீதம், அதாவது நாலில் ஒரு பங்கு, ஆலையின் ஆயுளுக்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு. இருநூறாண்டு வெள்ளத்துக்கு ஏற்பக் கட்டினால் இது 14 சதவீதமாகக் குறையும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர ஏறத்தாழ அறுநூறாண்டு வெள்ளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது நக்கோன் சவானுக்குத் திரும்புவோம். 2011-க்கு முன்னால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிற்பதால், உச்ச ஓட்டத்தின் வரிசையில் அதற்கு மூன்றாம் இடமோ அதற்கும் கீழோதான். பதிவு ஐம்பத்தைந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 56-ஐ மூன்றால் வகுத்து, பத்தொன்பது ஆண்டுக்கு மேல் மீள்வருகைக் காலம் சொல்ல முடியாது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளமா ஏழு தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தது?

கேள்வியிலேயே தவறு இருக்கிறது. உச்ச ஓட்டம் என்பது ஒரு நொடியில் எவ்வளவு நீர் கடந்தது என்பதை மட்டும் காட்டும். 2011-இல் ஜூன் முதல் அக்டோபர் வரை புயல் மழை அடுத்தடுத்து வந்தது. பிங் ஆற்றில் உள்ள பூமிபோல் அணையும் நான் ஆற்றில் உள்ள சிரிகிட் அணையும் நிரம்பி, பருவத்தின் கடைசியில் வந்த நீரைத் தாங்க இடமில்லாமல் திறந்துவிட்டன. உச்சம் சாதனை படைக்கவில்லை. ஆனால் பெரிய ஓட்டம் வாரக்கணக்கில் இறங்கவே இல்லை. தவிர, நிலையத்துக்கு மேற்புறத்திலேயே ஆறு கரை வழிந்து வயல்களில் பரவிவிட்டதால், அந்த நீரின் ஒரு பகுதி நக்கோன் சவானின் அளவுகோலைத் தொடாமலே தெற்கே நகர்ந்தது. நிலையத்தில் பதிவான எண் சின்னதாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மொத்த நீரின் கொள்ளளவை வரிசைப்படுத்தினால் 2011 மேலே ஏறிவிடும். சமவெளியில் ஆலையை மூழ்கடிப்பது இந்தக் கொள்ளளவுதான்.

ஆகவே மனை வாங்கப் போகிறவர் "இங்கே நூறாண்டு வெள்ளம் எவ்வளவு?" என்று கேட்டால் போதாது. எதன் நூறாண்டு அளவு என்று கேட்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்த மனையில் நீர் நிற்கும் மட்டம், எத்தனை நாள் நிற்கும், சாலையும் மின்நிலையமும் எந்த மட்டத்தில் மூழ்கும் என்பவை. பள்ளத்தாக்கு ஆற்றில் ஐம்பதாண்டு வெள்ளத்துக்கும் இருநூறாண்டு வெள்ளத்துக்கும் இடையே மட்டம் சில மீட்டர் ஏறலாம். அகன்ற சமவெளியில் அதே வித்தியாசம் அரை மீட்டருக்குள் அடங்கலாம். அங்கே தரைத்தளத்தை அரை மீட்டர் உயர்த்துவது பெரிய காப்பு. ஆனால் அங்கே வந்த நீர் வடிய மாதம் ஆகும். மட்டம் சிறிதென்று நிம்மதி அடைய முடியாது.

பதிவின் வயதையும் கேட்க வேண்டும். பூமிபோல் அணை 1964-இல் வந்தது, சிரிகிட் எழுபதுகளில். அணைக்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒரே வரிசையில் கலந்தால், இரண்டு வேறு ஆறுகளை ஒன்றாக்கிக் கணக்கிடுவதாக ஆகும். பிரித்தால் பதிவு குறுகி, வீச்சு அகலும். எந்தப் பக்கம் போனாலும் விலை உண்டு. அறிக்கை எதைத் தேர்ந்தது, ஏன் என்று எழுதியிருக்க வேண்டும்.

கரை கட்டினால் போதும் என்ற எண்ணமும் அதே வெள்ளத்தில் உடைந்தது. ரோஜனாவிலும் நவா நக்கோனிலும் மற்ற பேட்டைகளிலும் கரைகள் இருந்தன. கரைக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆபத்து ஆற்றின் மீள்வருகைக் காலத்தோடு முடிவதில்லை. கரை உடையும் வாய்ப்பும் அதோடு சேர்கிறது. உடைந்தபின் அதே கரை நீரை உள்ளே தேக்கி வைக்கும், வெளியேற்ற பம்புகள்தான் வழி. ஏழு பேட்டைகளும் ஒரே ஆற்றின் சமவெளியில் இருந்ததால் ஒரே பருவத்தில் விழுந்தன. ஒரு பேட்டையில் உதிரிபாகம் செய்பவரையும் பக்கத்துப் பேட்டையில் மாற்று ஏற்பாட்டையும் வைத்திருந்தவருக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

வெள்ளத்துக்குப் பின் பேட்டைகளைச் சுற்றி இன்னும் உயரமான சுவர்கள் எழுந்தன. உள்ளே இருக்கும் ஆலைகளுக்கு அது நியாயமான காப்பு. ஆனால் முன்பு பேட்டைக்குள் பரவிய நீர் இனி சுவருக்கு வெளியே வயல்களிலும் ஊர்களிலும்தான் நிற்க வேண்டும். அந்த ஊர்களின் வெள்ள மட்டத்தைச் சுவருக்கு முந்தைய பதிவை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த ஆலைக்கு அங்கே மனை பார்ப்பவரின் அறிக்கையில், பக்கத்துச் சுவர்களைச் சேர்த்துப் புதிதாகப் போட்ட கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.