ஒன்பது மணிக்குப் படுத்து, பத்தே முக்காலுக்குத் தூங்கும் பிள்ளை

எல்.கே.ஜி. படிக்கும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு அம்மா பாயை விரித்து விளக்கை அணைக்கிறார். அப்போதுதான் அவளுக்குத் தாகம் எடுக்கிறது. தண்ணீர் குடித்ததும் ஒன்றுக்கு வருகிறது. திரும்பிப் படுத்தால் இன்னொரு கதை வேண்டும்; கதை முடிந்தால் தாத்தாவிடம் ஏதோ சொல்ல வேண்டும். பத்து மணிக்கு மேல் அப்பா அதட்டுகிறார், அவள் அழுகிறாள், பாட்டி தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போகிறார். கண் மூடும்போது மணி பத்தே முக்கால். காலை ஏழு மணிக்கு அவளை எழுப்புவது அடுத்த போராட்டம்.

பிடிவாதம் என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முதலில் கணக்குப் பார்த்தாக வேண்டும். பள்ளி விட்டு வந்து சாப்பிட்டவள், டிவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றரை மணிக்குப் பாட்டி மடியில் தூங்கி, ஐந்தரைக்கு எழுகிறாள். இரவில் எட்டேகால் மணி நேரம், பகலில் இரண்டு மணி நேரம், மொத்தம் பத்தேகால். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. அதன் கீழ் எல்லையை அவள் எட்டிவிடுகிறாள். அவளுடைய தூக்கம் பெரிதாகக் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. ஜோடி மிண்டெல் என்ற குழந்தைத் தூக்க ஆய்வாளரும் சகாக்களும் பல நாடுகளின் பாலர் வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.43க்கே படுக்கைக்குப் போனார்கள். இந்தியக் குழந்தைகள் போனது 10.26க்கு. ஆனால் பகலையும் இரவையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தத் தூக்க நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆசியக் குழந்தைகள் பகல் தூக்கத்தில் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் வரவழைக்கின்றன. ஒன்று, கடைசியாகக் கண் விழித்ததிலிருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே வரும் அசதி. ஐந்தரைக்கு எழுந்த குழந்தைக்கு ஒன்பது மணிக்குள் அது போதுமான அளவு சேர்ந்திருக்காது. இன்னொன்று, மூளை இருட்டில் சுரக்கும் மெலடோனின். குழந்தையின் கண் வெளிச்சத்தை மிக எளிதாக உள்ளே விடும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், படுக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பாலர் வயதுக் குழந்தைகளைப் பலமான வெளிச்சத்தில் விளையாட விட்டுப் பார்த்தார்கள். மெலடோனின் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. ஹாலில் டியூப்லைட்டும் டிவியும் ஒன்பது வரை எரிந்துகொண்டிருந்தால், ஒன்பது ஐந்துக்குத் தூக்கத்தை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

தூக்கம் வராத குழந்தையைத் தினமும் பாயில் கிடத்திப் போராடினால், பாய் என்பதே போராடும் இடமாக அவள் மனத்தில் பதிந்துவிடும். அதனால்தான் நிபுணர்கள் கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும் ஒரு வழியைச் சொல்கிறார்கள்: சில நாட்களுக்கு அவளைத் தாமதமாகவே படுக்க வையுங்கள். ஒரு வாரம் குழந்தை உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று காலண்டரில் குறிக்க வேண்டும். நம் உதாரணச் சிறுமிக்கு அது பத்தே முக்கால். அதையே இப்போதைக்குப் படுக்கும் நேரமாக வைத்துக்கொண்டு, பத்தேகாலுக்கு ஆயத்தத்தைத் தொடங்க வேண்டும். முகம் கை கால் கழுவி, பல் தேய்த்து, கடைசியாக ஒன்றுக்குப் போய்வந்து, உடை மாற்றி, மங்கிய விளக்கில் ஒரே ஒரு கதை. தினமும் இதே வரிசை. அரை மணி நேரத்துக்கு மேல் போகும் எதையும் வேலைக்குப் போய்வரும் பெற்றோரால் தொடர முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் மூன்று கதைகளையும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் நான்காம் நாளே கைவிடுவது அதனால்தான்.

காலை ஏழு மணி மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும்கூட. பகல் தூக்கத்தைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணிக்கு நகர்த்தி, இரண்டரைக்கு எழுப்பிவிட வேண்டும். படுத்த கால் மணி, இருபது நிமிடத்துக்குள் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தூங்கிவிட்டால், படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டுவரலாம். இப்படி ஆறு படி இறங்கினால், ஏறக்குறைய இரண்டரை வாரத்தில் ஒன்பதேகால் வரும். அப்போது இரவில் ஒன்பதே முக்கால், பகலில் ஒன்று என்று பத்தே முக்கால் மணி நேரத் தூக்கம். நடுவில் ஒரு நேரத்தில் மீண்டும் புரண்டுகொண்டே இருந்தால், அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். முந்தைய நேரத்துக்குத் திரும்பிச் சில நாள் அங்கேயே நிற்க வேண்டும்.

நேரம் சரியான பிறகும் தண்ணீர், கதை, தாத்தா என்று எழுந்து வந்தால்? அமெரிக்க உளவியலாளர் பாட்ரிக் ஃப்ரைமனும் சகாக்களும் 1999இல் ஒரு எளிய முறையை விவரித்தார்கள். படுக்கும்போது குழந்தையிடம் ஓர் அட்டையைக் கொடுக்கிறார்கள். அதைத் தந்து ஒரே ஒரு முறை எழுந்து வரலாம், அல்லது ஒரு சின்ன வேண்டுகோளை நிறைவேற்றிக்கொள்ளலாம். அட்டை கைமாறிய பிறகு எதைக் கேட்டாலும் பதில் இல்லை. எழுந்து வந்தால் பேச்சுக் கொடுக்காமல் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பதோடு சரி. பின்னர் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தபோதும் எழுந்து வருவது குறைந்தது. கேட்டால் ஒன்று உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்த குழந்தை, அதைப் பத்திரப்படுத்தத் தொடங்குகிறது.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்களின் இரக்கம்தான். அம்மா இரண்டு நாள் உறுதியாக இருந்து, மூன்றாம் நாள் அழுகை பொறுக்காமல் பாட்டி தூக்கிக்கொண்டால், இன்னும் நீளமாக அழுதால் பலிக்கும் என்று குழந்தை தெரிந்துகொள்ளும். எனவே தொடங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். பாட்டியையே கதை சொல்பவராக ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது.

நள்ளிரவில் எழுந்து அழுவது வேறு வகை. எல்லாரும் இரவில் சில முறை லேசாக விழிக்கிறோம். புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். தட்டிக்கொடுத்தால் மட்டுமே தூங்கிப் பழகிய குழந்தைக்கு, இரண்டு மணிக்கு விழித்தாலும் அந்தக் கை வேண்டியிருக்கிறது. பெற்றோர் பக்கத்தில் படுப்பதை நிறுத்தத் தேவையில்லை. குழந்தை முழுதாகத் தூங்குவதற்குச் சற்று முன்பே தட்டுவதை நிறுத்திக் கையை மட்டும் மேலே வைத்திருக்கலாம். சில நாள் கழித்துக் கையையும் எடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் படுக்கலாம்.

எல்லாத் தூக்கச் சிக்கலும் பழக்கத்தால் வருவதல்ல. பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுவது, வாயால் மூச்சு விடுவது, மூச்சு நின்று திணறுவது ஆகியவை மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். படுத்ததும் கால் குடைகிறது என்று சொல்லி உதைத்துக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால் அட்டையும் நேரமாற்றமும் பயன்படாது. குழந்தை மருத்துவரிடம்தான் போக வேண்டும். குழந்தை குறட்டை விடுவதைச் செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போனால் அவருக்கு உதவும்.

காய்ச்சல், ஊர்ப் பயணம், திருவிழா என்று ஏதாவது வந்தால் ஒழுங்கு குலையத்தான் செய்யும். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வீடு திரும்பிய மறுநாள் காலை ஏழு மணிக்கே எழுப்பிவிட்டு, அன்றிரவு அவளுக்கு எப்போது கண் சொக்குகிறதோ அந்த நேரத்திலிருந்து மறுபடி பதினைந்து பதினைந்து நிமிடமாக முன்னால் வரலாம்.