வேலை போனதை யாரிடம் முதலில் சொல்வது?

காலை எட்டரை மணிக்கு வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார். தோளில் லேப்டாப் பை. உள்ளே லேப்டாப் இல்லை, அதைக் கம்பெனியிடம் ஒப்படைத்து மூன்று வாரம் ஆகிறது. பை தொளதொளவென்று தொங்கினால் மனைவிக்குச் சந்தேகம் வருமே என்று இரண்டு பழைய புத்தகங்களை வைத்திருக்கிறார். மதியம் வரை நூலகம், பிறகு ஏதாவது ஒரு மாலின் ஏசி, இரவு ஏழு மணிக்கு வீடு. ஆபீஸ் எப்படிப் போனது என்று கேட்டால், "எப்பவும் போலத்தான்" என்கிறார்.

இவர் தனி மனிதர் அல்ல, பலரைச் சேர்த்து நான் வரைந்த ஆள். வயது நாற்பது. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்ட் லீட், பதினாறு வருட அனுபவம். மடிப்பாக்கத்தில் ஃபிளாட், மாதம் 42,000 ரூபாய் இ.எம்.ஐ. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அங்கே அம்மாவும் தாய்மாமாவும் இவர் பேரைச் சொல்லித்தான் ஊரில் நான்கு பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறார்கள். அதனாலேயே இவருக்கு வாய் வரவில்லை.

வேலை போன விதமும் வாயை அடைக்கிறது. ஐ.டி. கம்பெனிகளில் பெரும்பாலும் "உங்களை நீக்கிவிட்டோம்" என்று கடிதம் வருவதில்லை. எச்.ஆரிடமிருந்து ஒரு மீட்டிங் அழைப்பு வரும். "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக இருக்கும், இல்லாவிட்டால் டெர்மினேஷன் என்று போடவேண்டி வரும்" என்பார்கள். கூடவே கடைசி அப்ரைசலின் மதிப்பெண்ணையும் காட்டுவார்கள். அரை மணி நேரத்தில் கையெழுத்தாகிவிடும். வெளியே வருகிறவரின் மனதில் நிற்பது இரண்டே விஷயம்: நான் தகுதியில்லாதவன், நானே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உண்மையில் நடந்தது பெரும்பாலும் வேறு. புராஜெக்ட் முடிந்திருக்கும், அல்லது வாடிக்கையாளர் செலவைக் குறைத்திருப்பார். பதினாறு வருட அனுபவக்காரரின் சம்பளத்தில் இரண்டு இளைஞர்களை வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோரில் அதிகம் பேர் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் என்றே சொன்னது. ஒரே நாளில் அத்தனை ஆயிரம் பேரும் திறமையை இழந்திருக்க முடியாது.

இப்படி நம்மையே குற்றம் சொல்லிக்கொள்வது மனிதனுக்கு இயல்பானதும் அல்ல. ஒஃபர் ஷரோன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் வேலை தேடிய அலுவலக ஊழியர்களை ஒப்பிட்டு 2013-ல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கர்கள் "என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்றார்கள். இஸ்ரேலியர்கள் "ஆள் எடுக்கிற முறைதான் கோளாறு" என்றார்கள். அமெரிக்காவில் ஆளின் பேச்சையும் பழக்கத்தையும் பார்த்து எடுக்கிறார்கள், அதனால் நிராகரிப்பு ஆளையே நிராகரித்ததாகப் படுகிறது. இஸ்ரேலில் தகுதிப் பட்டியலையும் தேர்வையும் வைத்து எடுக்கிறார்கள், அதனால் கோபம் பட்டியல் மேல் போகிறது. எப்படி வடிகட்டுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வெட்கமும் வருகிறது. அப்ரைசல் தாளைக் காட்டி வெளியே அனுப்பும் முறை, வெட்கத்தை நம் தலையில் கட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

வெட்கத்தில் ஒருவர் வாயை மூடிக்கொள்ளும்போது எல்லோரிடமும் மூடிக்கொள்கிறார். மாமாவிடம் சொல்லவில்லை. பழைய டீம்காரரிடமும் சொல்லவில்லை. ஆனால் இவர் பயப்படுகிற ஆட்களும், இவருக்கு வேலைக்கு வழிகாட்டக் கூடிய ஆட்களும் ஒருவரே அல்ல. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தெரிந்தவர் மூலம்தான் வேலை கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்களோ நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்கள் எப்போதாவது, அபூர்வமாகப் பார்க்கிறவர்கள்: முன்னொரு காலத்தில் கூட வேலை பார்த்தவர், கல்லூரியில் வேறு வகுப்பில் படித்தவர். காரணம் எளிது. நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத காலியிடம் தெரியும்.

ஆகவே எல்லோரிடமும் போய்ச் சொல்லவேண்டியதில்லை. சொல்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வீட்டில். பிறகு தொழிலில் பழகியவர்களிடம். உறவினர்கள் கடைசியில்.

வீட்டில் முதலில் சொல்லச் சொல்வது பாசத்துக்காக மட்டும் அல்ல. கம்பெனி எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடுகிறது. நம் டெஸ்ட் லீடின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மூன்று வாரமாக அவருக்குக் காப்பீடு கிடையாது, அது மனைவிக்குத் தெரியாது. அடுத்த மாதம் மகளை நடன வகுப்பில் சேர்க்க மனைவி முன்பணம் கட்டப்போகிறார். மறைப்பு நீள நீள இப்படித்தான் செலவாகும். அதைவிட மோசம், நாளின் சிறந்த எட்டு மணி நேரம் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே போகிறது. மாலில் உட்கார்ந்து இன்டர்வியூ போன் பேச முடியாது.

இவர் ஒரு சனிக்கிழமை குழந்தை தூங்கிய பிறகு சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்.

"வேலை போயிடுச்சும்மா. மூணு வாரம் ஆச்சு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு வாரமா எங்க போனீங்க?" என்றுதான் கேட்டார்.

வேலை போனதைவிட மறைத்ததுதான் பெரும்பாலும் முதலில் வலிக்கும். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுக்கவேண்டும், நியாயம் பேசக்கூடாது. பேசி முடிக்கும்போது ஒரு தாளில் மூன்று எண்கள் இருந்தால் போதும்: கையில் உள்ள பணம், மாதக் கட்டாயச் செலவு, இரண்டையும் வகுத்தால் வரும் மாதங்கள். இவருக்கு நாலரை லட்சம் இருக்கிறது, கட்டாயச் செலவு 75,000. ஆறு மாதம். "எல்லாம் போச்சு" என்று இருட்டாகத் தெரிந்தது "ஆறு மாதம்" என்று ஆகும்போது தூக்கம் வருகிறது.

அடுத்து வெளியே பேசுவது. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, கேட்டால் சின்னதாகத் தோன்றும். 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வேலை இழந்து மாதக்கணக்கில் வீட்டிலிருந்த பொறியாளர்களைப் பற்றியது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அதில் ஒருவர். ஒரு குழுவினர் ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுதினார்கள். இன்னொரு குழு அன்றாடத் திட்டங்களை எழுதியது, மூன்றாவது குழு எதுவும் எழுதவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது மனதை எழுதியவர்களில் வேலையில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம். அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போடவில்லை, கூடுதலாகப் போனும் செய்யவில்லை. பழைய முதலாளி மீதிருந்த கோபம் இன்டர்வியூவில் வழியாமல் இருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் செலவு ஒரு நோட்டுப் புத்தகம். அந்த எச்.ஆர். அறையில் நடந்ததை அங்கே கொட்டிவிட்டால், போனில் பழைய நண்பரிடம் அரை மணி நேரம் புலம்பாமல் இருக்கலாம்.

போனில் சொல்லவேண்டியது நான்கு வாக்கியம்தான். எழுதிவைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகவேண்டும். "எங்க புராஜெக்ட் மூடிட்டாங்க, டீம்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க, நானும் அதுல ஒருத்தன். பேங்கிங் டொமைன்ல டெஸ்ட் ஆட்டோமேஷன் லீட் ரோல் பார்த்துட்டு இருக்கேன். உங்க கம்பெனில அப்படி எதாவது ஓப்பனிங் இருந்தா ஜாப் ஐ.டி. மட்டும் அனுப்புங்க. நான் உடனே சேரலாம்." இதில் மன்னிப்பும் இல்லை, கதையும் இல்லை. "எதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால் எதிராளிக்கு எதைத் தேடுவதென்றே தெரியாது. ரோலைச் சொன்னால் அவர் இரண்டு நிமிடத்தில் கம்பெனித் தளத்தில் தேடிவிடுவார்.

கை நீட்டிக் கேட்கிறோமே என்று கூசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பல ஐ.டி. கம்பெனிகளில் ரெஃபரல் போனஸ் உண்டு. நம்மைச் சேர்த்துவிட்டால் அவருக்கும் பணம். அதோடு, இங்கே நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். உடனே சேரக்கூடிய ஆள் கிடைத்தால் மேலாளருக்கு அது பெரிய நிம்மதி. வேலையில் இல்லாமல் இருப்பது எடுபடுகிற ஒரே இடம் அதுதான், அதை மறைப்பது நஷ்டம்.

இன்டர்வியூவில் "இன்னும் வேலையில் இருக்கிறேன்" என்று சொல்லவே கூடாது. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். பக்கத்தில் வேலையிலிருந்து விலகிய தேதி பதிவாகிறது. ஆஃபர் கொடுத்தபின் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் அதைப் பார்ப்பார்கள், ஆஃபரே ரத்தாகும். போனில் சொன்ன அதே முதல் வாக்கியத்தை அங்கேயும் சொல்லிவிட்டு, செய்த வேலைக்குப் பேச்சைத் திருப்பிவிடலாம்.

நம்பிக்கை திரும்புவது எந்த ஆஃபரிலும் இல்லை, இந்தப் போன்களில்தான். முதல் போனில் குரல் நடுங்கும். ஐந்தாவதில் நடுங்காது. இருபது பேரிடம் பேசினால் பாதிப் பேர் பதிலே சொல்லாமலும் போகலாம். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980-களில் உருவாக்கிய வேலை தேடுவோருக்கான ஐந்து அமர்வுப் பயிற்சி இதை முன்கூட்டியே பேசவைத்தது: எங்கே அடி விழும், விழுந்தால் அடுத்து என்ன செய்வாய்? பதில் வராதவருக்கு இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குப் பிறகு பட்டியலில் அடுத்த பெயர் என்று முன்பே முடிவு செய்திருந்தால், மௌனம் நம்மைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றாது.

இதையெல்லாம் செய்யக் கூட முடியாமல் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால், அல்லது இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அது வேலை தேடும் பிரச்சினை அல்ல, மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

உறவினர்களிடம் எப்போது சொல்வது? பத்துப் பேரிடம் போனில் சொன்ன பிறகு. அதற்குள் வாக்கியம் நாக்கில் பழகியிருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் மாமா கேட்பார்.

"என்ன மாப்ள, கம்பெனி எப்படிப் போகுது?"

"அந்தக் கம்பெனில ஆள் குறைச்சாங்க மாமா, நானும் வந்துட்டேன். இப்ப ரெண்டு இடத்துல பேசிக்கிட்டிருக்கேன்."

"அடடா. வீட்டுக் கடன் இருக்கே?"

"ஆறு மாசத்துக்குக் கையில இருக்கு மாமா. அம்மாட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்லிறாதீங்க."

கடன் கேள்விக்கு எண்ணோடு பதில் வந்தால், அவர் அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். அம்மாவிடம் அன்று இரவே சொல்லிவிடவேண்டும், மாமாவின் வாய் மறுநாள் வரை தாங்காது.