கூலி 1,100 ரூபாய். பெல்ட் யார் தருவது?

இரவு 8 மணி. அனந்தபுரத்தில் ஒரு கொத்தனார் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிறார். செல்போனில் மணி அடிக்கிறது. காண்டிராக்டரின் வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் வேலைக்கு அழைப்பு!

அது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"நாளை திண்டிவனம். முதல் மாடி வெளிப்பூச்சு. கொத்தனார் 4, சூப்பர்வைசர் 1. கூலி 1,100. ஹெல்மெட், பெல்ட் கட்டாயம்."

உள்ளூரில் கிடைக்கும் கூலி 1,000 ரூபாய் என்றால், 100 ரூபாய் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் பஸ்ஸுக்குப் போக வர 80 ரூபாய், மத்தியானச் சாப்பாட்டுக்கு 60 ரூபாய் என்றால் மிஞ்சுவது 960 ரூபாய்தான்! உள்ளூர் வேலைக்கு வீட்டுச் சோறு உண்டு. பஸ் செலவு இல்லை. ஆகவே, "பஸ் செலவு உண்டா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

திண்டிவனம் பெரிய ஊர். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்பது செய்தியில் இல்லை. 1,100 ரூபாய் கொத்தனாருக்கு மட்டுமா, சூப்பர்வைசருக்கும் அதேதானா என்பதும் இல்லை. சிமென்ட் மூட்டையை எண்ணி, கலவையைப் பார்த்து, ஆட்களுக்கும் பொறுப்பேற்கிறவர் சூப்பர்வைசர். அவர் கூலியைத் தனியாக எழுத வேண்டாமா?

"பெல்ட் கட்டாயம்" என்கிறது செய்தி. யார் கொண்டுவருவது? வேலை கொடுப்பவர்தான் தர வேண்டும். தொழிலாளி தலையில் அந்தச் செலவைக் கட்டக் கூடாது.

பெல்ட் கொடுத்தால் மட்டும் போதுமா? தோளிலும் தொடையிலும் வார் உள்ள பெல்ட்டே நல்லது. இடுப்பு வார் மட்டும் இருந்தால், விழும்போது வயிற்றையும் முதுகையும் நசுக்கிவிடும். கொக்கியைச் சாரத்துச் சவுக்குக் கம்பில் மாட்டக் கூடாது. சாரம் சரிந்தால் ஆளும் சேர்ந்து சரிவார்! கட்டடத்தின் தூணில் இறுகக் கட்டிய கயிற்றில்தான் மாட்ட வேண்டும். இதைக் கவனிப்பது சூப்பர்வைசர் வேலை.

பூச்சு வேலைக்கு ரப்பர் கையுறையும் வேண்டும். செய்தியில் அதைக் காணோம். ஈரச் சிமென்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும். மேஸ்திரிமார் பலரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. வெடித்த கைகளைப் பார்த்தால் தெரியும்.

குழுவில் நூறு பேர் இருக்கலாம். வேண்டியதோ 4 கொத்தனார். அழைப்பைப் பார்த்தவுடன் பஸ் ஏறினால், ஐந்தாவதாகப் போகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். "நான் வருகிறேன்" என்று பதில் போட்டு, "சரி, வா" என்ற பதில் வந்த பிறகே புறப்பட வேண்டும்.

சனிக்கிழமை சம்பளத்தின்போது, "1,000 என்றுதானே சொன்னேன்" என்று பேச்சு மாறினால்? அனுப்பியவர் செய்தியை அழித்துவிட முடியும். ஆகவே, அழைப்பையும் பதிலையும் அன்றிரவே செல்போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். படிக்கச் சிரமமாக இருந்தால், பள்ளிக்கூடம் போகும் மகளிடம் கொடுத்தால் போதும். அரை நிமிஷ வேலை!