கால் ஆணிக்கு வேர் கிடையாது

உள்ளங்காலில் ஆணி வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "வேர் ஆழமா போயிருச்சு, அதைப் பிடுங்கி எடுத்தாத்தான் சரியாகும்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சவர பிளேடையும் நகவெட்டியையும் கையில் எடுக்க வைப்பது இந்த நம்பிக்கைதான். சிலர் எருக்கம்பாலையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டுகிறார்கள். பிடுங்குவதற்கு அங்கே வேர் எதுவும் இல்லை. இருப்பது நம் தோல்தான்.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அடியில் பிறக்கும் புதுச் செல்கள் மெல்ல மேலே வந்து, காய்ந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஒரே இடத்தில் அழுத்தமும் உரசலும் விடாமல் விழுந்தால், அடியில் இருக்கும் உயிருள்ள அடுக்கைக் காப்பாற்ற அங்கே செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. மேலடுக்கு தடித்துப் போகிறது. அந்தத் தடிப்பு அகலமாகப் பரவியிருந்தால் காய்ப்பு. மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையிலும், சம்மணம் போட்டே வேலை செய்பவரின் கணுக்காலிலும் இருப்பது அதுதான். அது பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத காய்ப்பை ஒன்றும் செய்யத் தேவையில்லை.

அழுத்தம் மிளகளவு இடத்தில் குவிந்தால் கதை வேறு. இறந்த தோல் அங்கே இறுகி, கூம்பு போல உள்நோக்கி வளர்கிறது. கூம்பின் முனை உயிருள்ள அடுக்கையும் அதில் ஓடும் நரம்புகளையும் குத்துகிறது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் செருப்புக்குள் சிறு கல் கிடப்பது போல வலிப்பது இதனால்தான். சிறுவிரலுக்கும் அதை அடுத்த விரலுக்கும் இடையில் வரும் ஆணி மட்டும் வியர்வையில் ஊறி, வெளுத்து, மென்மையாக இருக்கும். பலர் அதைச் சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஆணிதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வைரஸால் வரும் மருவும் உள்ளங்காலில் அதேபோல் தடித்து உட்கார்ந்திருக்கும். ஆணியை நேராக மேலிருந்து அழுத்தினால் வலி அதிகம். மருவை இரு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால் வலி அதிகம். மருவில் பெரும்பாலும் கருநிறப் புள்ளிகள் தெரியும். அவை அடைத்துப்போன நுண்ணிய ரத்தக்குழாய்கள். மருவை வெட்டினால் ரத்தம் கொட்டும், பக்கத்திலும் பரவும். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறார். வயது நாற்பதுக்கு மேல். சர்க்கரை நோய் இல்லை. கடைக்குள் செருப்பு கூடாது என்பதால் காலை முதல் இரவு வரை வெறுங்காலோடு கல் தரையில் நிற்பார். வலது காலில் இரண்டாவது விரலின் அடிமுட்டுக்கு நேர் கீழே ஆணி வந்தது. மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினார். நடுவில் சாலிசிலிக் அமிலம் வைத்த வட்ட பிளாஸ்திரி அது. பெரும்பாலும் 40 சதவீத வீரியத்தில் வருகிறது. நடக்க நடக்க அது நகர்ந்துவிட்டது. சுற்றியிருந்த நல்ல தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது, ஆணி அப்படியே இருந்தது. பிறகு வீட்டில் இருந்த பிளேடால் கணவர் சீவிவிட்டார். ரத்தம் வந்தது. இரண்டு நாளில் இடம் சிவந்து வீங்கி, ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதாயிற்று. புண் ஆறிய சில வாரங்களில் ஆணி அதே இடத்தில் மறுபடி முளைத்தது.

அவர் மட்டுமல்ல, பலரும் "வேரை விட்டுட்டோம்" என்று முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அவர் விட்டது வேரை அல்ல, அழுத்தத்தை. அந்த இடத்தின் மேல் எலும்பு அழுத்துகிறது, கீழே கல் தரை அழுத்துகிறது. நடுவில் இருக்கும் தோல் தன் வேலையை மறுபடி செய்கிறது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தாலும் காரணம் நீங்காவிட்டால் ஆணி திரும்பிவிடும்.

வீட்டில் வெட்டுவது ஏன் ஆபத்து என்று கேட்டால், முதல் காரணம் ஆழம் தெரியாது என்பதுதான். இறந்த தோல் எங்கே முடிகிறது, உயிருள்ள தோல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு வெளியில் அடையாளம் இல்லை. வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்பார்கள். வலி தெரியும்போது பிளேடு ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். மண், வியர்வை, குளியலறை ஈரம் எல்லாம் படும் இடத்தில் அந்தக் காயம் சீழ் பிடிக்கலாம். ஆழமாக வெட்டிய இடத்தில் தழும்பு விழுந்தால் அது இன்னும் மோசம். தழும்பும் தடித்து, அதன் மேல் நடப்பதே வலியாகிவிடும். மருத்துவரும் கத்தியால்தான் சீவுகிறார் என்பது உண்மை. ஆனால் அவர் கிருமி நீக்கிய கத்தியால், நல்ல வெளிச்சத்தில், காகிதம் போல மெல்லிய படலங்களாக எடுக்கிறார். ரத்தம் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவார்.

வீட்டில் செய்யக் கூடியது இதைவிடச் சாதாரணமானது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கால்களைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். பியூமிஸ் கல்லையும் நனைத்துக்கொண்டு, தடித்த இடத்தை மென்மையாக, ஒரே திசையில் தேயுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட முயலக் கூடாது. மேலே ஒரு படலம் போனால் போதும். தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ எரிந்தாலோ கல்லைக் கீழே வைத்துவிடுங்கள். காலைத் துடைத்துவிட்டு யூரியா கலந்த க்ரீம் தடவுங்கள். தடித்த தோலை இளக்குவதில் சாதாரண மாய்ஸ்சரைசரைவிட அது நன்றாக வேலை செய்யும். விரல் இடுக்குகளில் மட்டும் தடவ வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப்போகும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சில வாரங்கள் செய்தால் ஆணி தட்டையாகி வலி குறையும். கல்லை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தாமல் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

கார்ன் கேப் எல்லோருக்கும் கூடாது என்றில்லை. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக உள்ள காலில், மருந்து ஆணியின் மேல் மட்டும் படும்படி ஒட்டி, சுற்றிலும் வாஸ்லின் தடவி, உறையில் சொன்ன நாட்களுக்கு மேல் போகாமல் பயன்படுத்தலாம். அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. எரிச்சலோ புண்ணோ தெரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். எருக்கம்பால் விஷயத்தில் அளவும் தெரியாது, வீரியமும் தெரியாது. அது தோலைப் பொத்துவிடும், வேண்டாம்.

இதெல்லாம் ஆணியைத் தேய்த்துக் குறைப்பதற்கு. அது திரும்ப வராமல் இருக்க அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கமும் பாருங்கள். ஆணிக்கு நேராகக் குழி விழுந்திருக்கும். இன்னொரு சோதனை: மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றி பென்சிலால் வரையுங்கள். அதன் மேல் உங்கள் ஷூவை வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே பிதுங்கினால், விரல்மேல் ஆணிக்கும் விரலிடுக்கு ஆணிக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பின்வார் இல்லாத மெல்லிய செருப்பைக் கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் கவ்விக்கொண்டே நடப்போம். விரல்கள் வளைந்து, அவற்றின் அடிமுட்டுகள் தரையை நோக்கி அழுந்தும். பின்வார் உள்ள செருப்பு அந்தக் கவ்வலை நிறுத்துகிறது.

உள்ளங்கால் ஆணிக்கு மெத்தை வைக்கும்போது பெரும்பாலோர் நேராக ஆணிக்கு அடியில் வைக்கிறார்கள். மென்மையாக இருந்தாலும் அங்கே உயரம் கூடுவதால் அழுத்தம் குறையாமல் போகலாம். சரியான இடம் ஆணிக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. அங்கே வைத்த சிறு மெத்தை பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் முட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிவிடும். இடத்தைக் கண்டுபிடிக்க ஆணியின் மேல் லிப்ஸ்டிக் தடவி, செருப்புக்குள் கால் வைத்து நின்று எடுத்தால் புள்ளி பதிந்துவிடும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் மெத்தையை ஒட்டுங்கள். விரலிடுக்கு ஆணிக்கு சிலிக்கான் தடுப்போ, கொஞ்சம் பஞ்சோ வைத்து விரல்களைப் பிரித்தால் போதும்.

துணிக்கடை அக்காவுக்கு மருத்துவர் ஒருமுறை ஆணியைச் சீவி, பின்னால் மெத்தை வைத்த மென்மையான செருப்பு எழுதிக்கொடுத்தார். கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடிக்கு முதலாளியிடம் அனுமதி வாங்கினார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருகிறார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்திருக்கிறது. அவருக்கு இப்போது அந்த இடத்தில் லேசான காய்ப்பு மட்டும் இருக்கிறது, வலி இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு மேலே சொன்ன வீட்டு வைத்தியம் எதுவும் பொருந்தாது. பிளேடும் கார்ன் கேப்பும் மட்டுமல்ல, வெந்நீரில் காலை ஊற வைப்பதும் கூடாது. நரம்பு பாதித்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வலி தெரியாததால் ஆணியின் மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள். கடினமான தோல் அடியிலுள்ள சதையை நசுக்கி, மேலே ஒன்றும் தெரியாமலே உள்ளே புண் உருவாகும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ கறை தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அன்றே காட்ட வேண்டும். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதேதான் விதி.

சர்க்கரை நோய்க் கால் சிகிச்சைப் பிரிவுகளில் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் வளையும் அளவுக்கு அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு எழுதித் தருவார்கள். தொழுநோயில் உணர்ச்சி இழந்த கால்களுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் அதே மென்மையான ரப்பர்தான் இது. இவர்கள் தினமும் இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தோ, வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டோ பார்க்க வேண்டும். சிவப்பு, சூடு, வீக்கம், நீர்க்கசிவு, துர்நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாளுக்குத் தள்ளிப் போடக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.